முகவரிப் பட்டியில் அப்பாவின் பெயர்

எங்கள் ஊரில் பத்திரிகை வீட்டுக்கு வராது, கடைக்குத்தான் வரும். ரிவியேர் டு ராம்பார் பக்கம் வரும் காலை முதல் பஸ்ஸின் நடத்துநர், சீனர் கடை வாசலில் பத்திரிகைக் கட்டை எறிந்துவிட்டு, அது எங்கே விழுந்தது என்று பார்க்காமலே போய்விடுவார். கடைக்காரர் சணலை அறுத்து, கருவாட்டுப் பெட்டிக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் பத்திரிகைகளை வரிசையாக வைப்பார். ஒவ்வொரு பத்திரிகையும் மடித்து, இடுப்பில் ஒரு தாள் பட்டி சுற்றியிருக்கும். அந்தப் பட்டியில் சந்தாதாரரின் பெயர் இருக்கும். ரொட்டி வாங்க வருபவர்கள், மண்ணெண்ணெய் வாங்க வருபவர்கள், வேலையில்லாமல் நிற்பவர்கள் என்று எல்லாரும் யாருடைய பெயரில் எந்தப் பத்திரிகை வந்திருக்கிறது என்பதை வாசித்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

எங்கள் தீவின் சுதந்திரத்துக்கு முந்தைய தேர்தல் ஆண்டில், ஒருவருடைய மனத்தில் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேறு எந்த விசாரணையும் தேவைப்படவில்லை. சில பத்திரிகைகள் சுதந்திரம் வேண்டும் என்றன, சில வேண்டாம் என்றன. பட்டியைப் பார்த்தால் போதும்.

எங்கள் கோயில் நிர்வாகக் குழுவில் அப்பா பதினோரு ஆண்டுகளாகச் செயலாளர். ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்ததால், பதவியில் இருப்பவர்கள் தேர்தல் முடியும்வரை எந்தக் கட்சிக்கும் ஆதரவு காட்டக் கூடாது என்று குழு தீர்மானம் போட்டது. மீறுகிறவர் ஜூலை மாதப் பொதுக்கூட்டத்தில் பதவியை விட வேண்டும். அந்தத் தீர்மானத்தைக் கையால் எழுதி, முத்திரை குத்தி, கோயில் பலகையில் ஒட்டியவர் அப்பாதான். மறுநாள் காலை கடைப் பலகையில், தீவிலேயே மிக உரத்த குரலில் ஒரு கட்சிக்காகக் கத்திக்கொண்டிருந்த பத்திரிகை, இடுப்பில் அப்பாவின் பெயரோடு படுத்திருந்தது.

அப்பாவுக்கு அந்தக் கட்சியும் தெரியாது, எதிர்க்கட்சியும் தெரியாது. அவர் அந்தப் பத்திரிகையை எடுத்ததற்குக் காரணங்கள் மூன்று. சனிக்கிழமைக் குதிரைப் பந்தய முடிவு, மரண அறிவிப்புகள், புயல் எச்சரிக்கை. முதல் பக்கத்தை அவர் கருவாடு சுற்றக்கூடக் கொடுத்ததில்லை. படிக்காமலே மடித்து அலமாரித் தட்டில் விரிப்பார். ஆனால் பட்டியில் "பந்தய முடிவுக்காக மட்டும்" என்று யாரும் அச்சடிப்பதில்லை.

குழுவின் பொருளாளர் இதை முதலில் பார்த்தார். அவருக்கு மூன்று ஆண்டுகளாகச் செயலாளர் நாற்காலி மேல் கண். கடையில் எல்லார் முன்னாலும் பத்திரிகையை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். செயலாளர் என்பதை அவர் பிரெஞ்சில்தான் சொல்வார்.

"செக்ரெத்தேர், உங்க கட்சி வந்துடுச்சு பாருங்க. சூடா இருக்கு."

"எனக்கு ஏதுய்யா கட்சி? நான் குதிரை பாக்குறதுக்கு வாங்குறேன்."

"குதிரைக்குக்கூட இப்ப கட்சி உண்டு. பொதுக்கூட்டத்துல சொல்லுங்க, கேட்டுக்குவோம்."

பொருளாளரும் பத்திரிகை வாசிப்பவர்தான். அவருடையது எதிர்த்தரப்புப் பத்திரிகை. ஆனால் அவர் அதைச் சந்தாவில் எடுப்பதில்லை, பஸ் நிறுத்தத்தில் ஒற்றைப் பிரதியாக வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவார். பட்டி இல்லாததால் கொள்கையும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் கையில்தான் எங்கள் கோயிலின் நடுநிலை இருந்தது.

எங்கள் வீட்டில் பேச்சு பெரும்பாலும் கிரியோல். அப்பாவின் தலைமுறைக்குத் தமிழும் நடுவில் வரும். பேசியதை எல்லாம் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். கேட்டவர்கள் யாரும் இதில் குறை சொல்ல மாட்டார்கள், அவர்களில் பாதிப் பேர் எதையும் முழுதாகக் கேட்டதே இல்லை.

அப்பா பத்திரிகையை நிறுத்த முடிவு செய்தார். தொலைபேசி எங்கள் தெருவில் ஒன்றே ஒன்று, அதுவும் கடையில். அப்பா தலை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, போர்ட் லூயி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்யப் போனார். எதிரில் இருப்பவன் பார்க்கப் போவதில்லை என்று நான் சொன்னேன். "குரல்ல தெரியும்" என்றார்.

நான் அப்போது போர்ட் லூயியில் அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் உதவித் தொழில்நுட்பராக இருந்தேன். ரத்தம், சளி, சிறுநீர். எந்தக் குப்பி எப்போது வந்தது, யார் வாங்கினார், எந்த நிறம், யார் கையெழுத்து என்று எழுதாவிட்டால் எங்கள் மேற்பார்வையாளர் அந்தக் குப்பியே வரவில்லை என்பார். எழுதாதது நடக்காதது. இரண்டு ஆண்டுகள் அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அப்பாவின் தொலைபேசிப் பேச்சுகளை ஒரு தாளில் குறித்துவைக்கும் பழக்கம் தானாகவே வந்தது. அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

முதல் அழைப்பு, மே மாதம், திங்கள்கிழமை. பதில்: "சே நொதே, மிஸ்யே." குறித்துக்கொண்டோம் என்று பொருள். விளைவு: மறுநாளும் பத்திரிகை வந்தது.

இரண்டாம் அழைப்பு, அடுத்த வாரம். பதில்: பொறுப்பாளர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார். அழைத்த நேரம்: காலை ஒன்பது. விளைவு: வந்தது.

மூன்றாம் அழைப்பு. பதில்: "நொதே, நொதே." கூடவே முகவரியையும் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். விளைவு: அதுவரை பென்சிலில் கிறுக்கியிருந்த பட்டி, அந்த வாரத்திலிருந்து தட்டச்சில், பெரிய எழுத்தில் வந்தது. கண்ணாடி இல்லாத கிழவர்களும் இப்போது அப்பாவின் பெயரை மூன்றடி தூரத்திலிருந்து படித்தார்கள்.

"நல்ல வேலை பண்ணினீங்க செக்ரெத்தேர்" என்றார் பொருளாளர். "கௌரவமா இருக்கு."

கடிதம் எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். அப்பா ஒத்துக்கொண்டார். நான் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் விஷயம்."

"என்னம்மா இது, துணியில்லாம நிக்குற மாதிரி இருக்கு. பத்து வருஷமா பத்திரிகை அனுப்பினவனுக்கு ஒரு வணக்கம் வேணாமா? மாமாகிட்ட குடுக்குறேன்."

மாமா, அம்மாவின் அண்ணன். பத்திரங்கள் எழுதிப் பதியும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் படியெடுத்தவர். ஊரில் பிரெஞ்சில் எழுத வேண்டியது எதுவாக இருந்தாலும் அவரிடம் போகும். பசு மாட்டைக் காணவில்லை என்று காவல் நிலையத்துக்கு அவர் எழுதிய புகாரில் மூன்றாம் பக்கத்தில்தான் பசு வரும். அவருக்குக் கடிதம் என்பது செய்தியைக் கொண்டுபோகும் வண்டி அல்ல, சாமி புறப்பாட்டுத் தேர். சாமி எங்கே இருக்கிறார் என்று யாரும் தேடக் கூடாது, அலங்காரத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் எடுத்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதினார். பிறகு எங்கள் முன் அறையில் நின்று வாசித்தார். தங்கள் பத்திரிகை இந்தத் தீவின் இரவில் ஏற்றப்பட்ட விளக்கு. தங்கள் பேனாவின் துணிவை வடக்கு மாவட்டத்தின் எளிய வாசகன் ஒவ்வொரு காலையும் தலைவணங்கி வரவேற்கிறான். உண்மைக்கும் ஒழுங்குக்கும் தாங்கள் ஆற்றும் தொண்டை வரலாறு மறக்காது. இப்படியே போய், கடைசிப் பத்தியின் கடைசி வாக்கியத்தில், ஆறு காற்புள்ளிகளுக்குப் பிறகு, தமது விருப்பத்துக்கு அப்பாற்பட்ட சூழ்நிலைகள், பெருத்த மனவருத்தத்துடன், அந்த ஒளியைத் தினமும் பெறும் பேற்றிலிருந்து தம்மை இனி விலக்கிவைக்கின்றன என்று முடித்திருந்தார்.

"நிறுத்துங்கன்னு எங்க மாமா இருக்கு?" என்றேன்.

"விலக்கிவைக்கின்றனன்னா என்னவாம்? படிச்சவனுக்குப் புரியும்."

"சந்தாப் பிரிவுல இருக்கிறவன் படிச்சவன்னு யார் சொன்னா?"

"அதான் அங்க அனுப்பல. நேரா பத்திரிகை ஆசிரியருக்கே போட்டிருக்கேன். தலையைப் பிடிச்சா வாலு தானா வரும்."

பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார். தனி மனிதனின் கடிதத்துக்கு எடை போதாது. அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே 'கோயில் செயலாளர்' என்று எழுதி, கோயிலின் ரப்பர் முத்திரையையும் குத்திவிட்டால், யார் எழுதுகிறார் என்று தெரியும். அப்பாவுக்கு முத்திரை குத்துவது என்றால் மறுப்பே கிடையாது. மை ஒட்டும் திண்டை ஈரப்படுத்தி, மூச்சைப் பிடித்துக் குத்தினார். முருகன் வேல் தெளிவாக விழுந்திருந்தது. மாமா தமக்கென்று ஒரு படியும் எடுத்துவைத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. இரண்டு பேர் வாசித்து மகிழ்ந்த ஒரு கடிதத்தைப் பார்த்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. அது என் தவறு, பட்டியலில் சேர்க்கிறேன்.

ஜூன் முதல் வாரத்தில் அந்தக் கடிதம் பத்திரிகையில் வெளியானது.

நான் வேலைக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்தபோது பொருளாளர் பலகையில் முழங்கை ஊன்றி, 'வாசகர் எழுதுகிறார்' பகுதியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது அப்பாவின் பிரதி. பட்டியைக் கிழித்திருந்தார். விளக்கு இருந்தது, பேனாவின் துணிவு இருந்தது, தலைவணங்கும் வாசகன் இருந்தான். கடைசி வாக்கியம் மட்டும் இல்லை. இடம் போதவில்லை போலும். அப்பாவின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, செயலாளர் என்றும், கோயிலின் பெயரும் இருந்தன.

"மாம்ஸெல், உங்க அப்பா கவிதை எழுதுவாருன்னு தெரியாது" என்றார் பொருளாளர். "நாங்க எல்லாரும் தலைவணங்குறோமாம். கோயில் முத்திரையோட!"

கடைக்காரர் ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே என்னிடம் கிரியோலில் மெதுவாகச் சொன்னார்: "நிறுத்தச் சொல்லி மூணு தடவை என் போன்லதான் கத்தினாரு. நான் கேட்டேன். கேட்டா சொல்லுவேன்."

அவரை யாரும் கேட்கப் போவதில்லை. அவர் குழுவில் இல்லை, கோயிலுக்கு ஆண்டுதோறும் எண்ணெய் கொடுப்பதோடு சரி.

அன்று மாலையே குழுவிடமிருந்து தாள் வந்தது. பொதுக்கூட்டத்தில் அப்பா விளக்கம் தர வேண்டும், திருப்தியில்லாவிட்டால் புதிய செயலாளர். அப்பா சாப்பிடவில்லை. முத்திரையை எடுத்து, காய்ந்த மையைத் துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து, மறுபடி எடுத்துத் துடைத்தார். ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் இருந்த ஒரே வேலை அது. கல்யாணப் பத்திரத்துக்கு, காவடி ஊர்வல அனுமதிக்கு, யார் வந்தாலும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். ஒரு ரப்பர் துண்டுக்காக ஒரு மனிதர் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மாமா வந்தார். துக்கம் விசாரிக்க அல்ல. அச்சில் வந்த துண்டைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க.

"ஒரு சொல்லைக்கூட மாத்தல பாத்தியா?" என்றார்.

"கடைசி வாக்கியத்தையே எடுத்துட்டாங்க மாமா."

"அது கொஞ்சம் பலவீனமான வாக்கியம்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

அன்றிரவே அப்பாவின் தகரப் பெட்டியைக் கொட்டிச் சந்தா ரசீதைத் தேடினேன். ரசீதின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் விதி இருந்தது. சந்தா மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கெடு முடியப் பதினைந்து நாள் இருக்கையில் எழுத்தில் அறிவிக்காவிட்டால், அடுத்த மூன்று மாதத்துக்குத் தானாகவே புதுப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். நடப்புக் கெடு ஜூன் கடைசி. அதாவது, பதினைந்து நாள் கணக்குத் தப்பினால் பட்டி செப்டம்பர்வரை வரும். பொதுக்கூட்டம் ஜூலையில், தேர்தல் ஆகஸ்டில். இரண்டையும் அந்தப் பட்டி பார்த்துவிடும். எனக்கு ஒன்பது நாள் இருந்தது. பத்து வருடமாக ரசீது பெட்டியில் இருந்தது, யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தே போனேன். சந்தாப் பிரிவு மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. ஒரு மேசை, இழுப்பறைகளில் சந்தாதாரர் அட்டைகள், பட்டி அச்சிடும் தகடுகள் அடுக்கிய ஒரு சட்டம். எழுத்தர் கறி ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாயைத் துடைக்கவில்லை, ரொட்டியைத்தான் மறைத்தார்.

"எங்க அப்பா மூணு தடவை போன்ல நிறுத்தச் சொன்னார். நீங்க குறிச்சுக்கிட்டதா சொன்னீங்க" என்றேன்.

"எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவோம், மாம்ஸெல். மரியாதைக்கு."

"எங்க குறிச்சீங்க?"

அவர் மேசையில் ஒரு குறிப்புப் புத்தகத்தைத் தேடினார். அது ரொட்டிக்கு அடியில் இருந்தது. மேல் தாளில் எண்ணெய்க் கறை. கறைக்குள் இரண்டு பெயர்கள், அதில் ஒன்று அப்பாவுடையது, பக்கத்தில் ஒரு சிறு கோடு.

"இதோ இருக்கே. நொதே."

"பிறகு ஏன் நிறுத்தல?"

எதுவும் தெரியாத பெண்ணிடம் பேசும் குரலில் விளக்கினார். "அட்டையை எடுக்கணும்னா அதோட கூட ஒரு கடிதம் குத்தணும். நாளைக்கு மேலே இருந்து கேட்டா நான் காட்டணும். போன் பேச்சை எந்த ஊசியில குத்துறது? யாராவது பக்கத்து வீட்டுக்காரன் விளையாட்டுக்குப் போன் பண்ணியிருந்தா?"

அதுவரை நான் கேட்டதில் அது ஒன்றுதான் உருப்படியான சொல். போனில் அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லியிருந்தால் மூன்று அழைப்பும், ஒரு அச்சேறிய விளக்கும் மிச்சமாயிருக்கும். சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்டதெல்லாம் அவருடைய உடல்நலம்.

"கடிதமும் போட்டோமே. ஆசிரியருக்கு."

"ஆ, அது மாடிக்குப் போகும். மாடிக்குப் போனது கீழே வராது." அவர் முகம் மலர்ந்தது. "வந்ததே பத்திரிகையில! அழகான கடிதம். உங்க அப்பாவா? நான் வீட்டுக்காரிக்குப் படிச்சுக் காட்டினேன்."

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டு, நின்றுகொண்டே எழுதிக்கொண்டேன். சந்தாப் பிரிவுக்கு முகவரி. பெயர், பட்டியில் உள்ள எண். எந்தக் கெடுவோடு நிறுத்துவது. தேதி. சந்தாதாரரே கையெழுத்திட வேண்டும், மகள் கையெழுத்து செல்லாது. இதைச் சொல்லும்போது அவர் என் வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிய பணத்துக்கு ஜூன் கடைசிவரை பத்திரிகை வரும், அதை நிறுத்த முடியாது என்றும் சொன்னார். அது நியாயம்.

"பதிவுத் தபால்ல, கிடைச்சதுக்குக் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்புற அட்டையோட அனுப்புறேன். நீங்கதான் கையெழுத்துப் போடுவீங்களா?"

முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு சிரத்தை வந்தது. "பதிவுத் தபாலா? அப்ப நான் புத்தகத்துல ஏத்தணுமே."

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டில் வேறு சண்டை. கரித்தாள் வைத்து இரண்டு படியாக எழுதி அப்பா முன் வைத்தேன். சந்தா எண் இன்னது. ஜூன் கெடு முடிந்ததும் சந்தாவை நிறுத்துகிறேன். புதுப்பிக்கவில்லை. ஜூலை முதல் வரும் பிரதிகளை ஏற்க மாட்டேன், திருப்பி அனுப்புவேன். இக்கடிதம் கிடைத்ததை எழுத்தில் உறுதிப்படுத்தவும்.

"நாய்க்குக் கட்டளை போடுற மாதிரி இருக்கு" என்றார் அப்பா.

"நாய் கேட்கும்ப்பா. இவங்க கேட்கல."

"மேல ஒரு வரி, பத்து வருஷ சேவைக்கு நன்றின்னு..."

"அதையும் அச்சுல போடுவாங்க."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். கடைசியில் பேரம் படிந்தது. பிரெஞ்சில் எல்லாரும் எல்லாருக்கும் எழுதும் அந்த ஒற்றை வணக்க வாக்கியத்தை முடிவில் சேர்த்தேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. கையெழுத்துப் போட்டார். கை தானாக முத்திரைப் பெட்டிக்குப் போனது. நான் பெட்டியின் மூடியில் கையை வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை தபால் நிலையம் திறந்ததும் பதிவு செய்தேன். தபால் எழுத்தர் எண் ஒட்டி, ரசீது கொடுத்தார். அடுத்த வாரம் புதன்கிழமை இளஞ்சிவப்பு அட்டை திரும்பி வந்தது, பதினைந்து நாள் கணக்குத் தப்புவதற்கு ஒரு நாள் முன்னால். அதில் தேதியும், எனக்குத் தெரிந்த ஒருவரின் கையெழுத்தும். ஓரத்தில் லேசாக எண்ணெய்.

ஜூன் முழுதும் பட்டி வந்துகொண்டுதான் இருந்தது. பொருளாளர் ஒவ்வொன்றையும் வாசித்தார். அப்பா கடைக்குப் போவதை நிறுத்தினார், நான் போய் எடுத்துவந்தேன். ஜூலை முதல் நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. பட்டியைக் கிழிக்காமல், அதன் மேல் 'ரெஃபியுசே' என்று எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தேன். ஏற்க மறுக்கப்பட்டது. அவர் அதை பஸ் நடத்துநர் கையில் திணித்தார். நடத்துநருக்கு எதையும் திருப்பிக் கொண்டுபோகும் பழக்கம் இல்லை. "இது என்ன, போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட்டா?" என்றார். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது அப்பாவின் பெயர் இல்லை. கடைக்காரர் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

பொதுக்கூட்டம் கோயில் கூடத்தில் நடந்தது. ஆண்கள் பெஞ்சில், பெண்கள் பக்கவாட்டில் பாயில். பெண்கள் உறுப்பினர்கள் அல்ல, எனவே பேசவும் கூடாது, கை தூக்கவும் கூடாது. பொங்கல் வைக்கலாம். அதனால் நான் எல்லாவற்றையும் ஒரு பெரிய உறையில் எண்ணிட்டு வைத்து அப்பாவிடம் கொடுத்திருந்தேன். ஒன்று, மாமா எடுத்துவைத்திருந்த முழுக் கடிதத்தின் படி. இரண்டு, அச்சில் வந்த துண்டு. மூன்று, கரித்தாள் படி. நான்கு, இளஞ்சிவப்பு அட்டை. இந்த வரிசையில் மட்டும் காட்டினால் போதும், ஒன்றும் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

பொருளாளர் பத்திரிகைத் துண்டை உயர்த்திப் பிடித்து, கோயில் பெயரை விற்றுவிட்டார் என்றார். அப்பா எழுந்து, உறையைத் திறக்காமல், எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். தம் காலஞ்சென்ற தந்தையிடமிருந்து ஆரம்பித்தார். நான் பாயில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது மாமா எழுந்து அப்பாவின் கையிலிருந்து உறையை வாங்கி, எண் ஒன்றை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கலானார். காக்க அல்ல, வாசிக்க. தம் கடிதம் முழுதாக யாருக்கும் கேட்கவில்லையே என்ற குறை அவருக்கு.

ஒன்றரைப் பக்கமும் வாசித்தார். விளக்கு, பேனா, வரலாறு. கூடத்தில் கொட்டாவி பரவியது. கடைசி வாக்கியத்தின் ஆறாவது காற்புள்ளியைத் தாண்டி அவர் அமர்ந்தபோது, தோட்டத்தில் கரும்பு வெட்டும் ஒரு பெரியவர் கேட்டார்:

"இப்ப என்னதான் சொல்றாரு? பேப்பர் வேணுமா, வேண்டாமா?"

கூடம் சிரித்தது. மாமா அவமானப்பட்டவர்போல் பார்த்தார். அப்பா என்ன நினைத்தாரோ, உறையிலிருந்து எண் மூன்றை எடுத்தார். என் கரித்தாள் படி. ஒவ்வொரு வரியையும் பிரெஞ்சில் படித்து, கிரியோலில் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அது!" என்றார் பெரியவர். "இது புரியுது. வேண்டாங்குறாரு."

"மாட்டிக்கிட்டப்புறம் எழுதினது" என்றார் பொருளாளர்.

"மொதல் கடிதத்துலயும் அதான கடைசியில சொல்றாரு? சுத்திச் சுத்தி? தேதி மே மாசம்தான?" பெரியவர் பெஞ்சில் நிமிர்ந்தார். "நம்ம ஊருல ஒருத்தன் வேண்டாம்னு சொல்றதுக்கு எத்தனை தாள் ஆகுதுன்னு பாரு."

கைகளை எண்ணினார்கள். அப்பா செயலாளராகவே நீடித்தார், ஆறு கை வித்தியாசத்தில். நிபந்தனை ஒன்று: இனி முத்திரை பொருளாளரின் பூட்டிய பெட்டியில் இருக்கும், தேவைப்படும்போது கேட்டு வாங்க வேண்டும். அப்பா அதற்கும் தலையாட்டினார். மனு எழுதும் வேலை அவருக்கு, குத்தும் வேலை மற்றவருக்கு. பதினோரு ஆண்டுச் சேவையை இரண்டாக வெட்டி இருவருக்கும் கொடுத்து அனுப்பினார்கள், எல்லாரும் நியாயம் என்றார்கள்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் அப்பா மறுபடி கடைக்குப் போனார். பொருளாளர் சட்டைக்குள்ளிருந்து தம் பட்டியில்லாத பத்திரிகையை எடுப்பார். இரண்டு தலைகளும் பந்தய முடிவின் மேல் ஒன்றாகக் குனியும்.

தேர்தல் முடிந்து சில வாரங்களில் அப்பாவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து, சந்தாவை விட்ட எல்லாருக்கும் அச்சிட்டு அனுப்பிய கடிதம். தங்களைப் போன்ற பண்பட்ட வாசகரின் பிரிவு எங்கள் மேசையில் ஒரு வெற்றிடத்தை விட்டுச் சென்றிருக்கிறது என்று தொடங்கி, மறுபடி சேர ஒரு சீட்டையும் இணைத்திருந்தார்கள். அப்பா அதை இரண்டு முறை படித்தார். முகம் கனிந்தது.

"எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கான் பாரும்மா. இதுக்குப் பதில் போடாம இருக்கக் கூடாது. மாமாவைக் கூப்பிடவா?"

நான் கடிதத்தை வாங்கி, அதன் மூலையில் தேதியையும், 'பதில் தேவையில்லை' என்பதையும் எழுதி, இளஞ்சிவப்பு அட்டையோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தினேன். சீட்டைக் கிழித்தேன். பிறகு அப்பாவின் பேனாவை மூடி என் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.